பின்னால் வரும் வண்டியும் காதுக்குள் ஓடும் பேச்சும்

கேள்வி: மூன்று வருடமாக ஓடுகிறேன். வாரத்தில் நான்கு நாள், விடியற்காலையில். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என் சாதாரண வேகம். வீட்டிலிருந்து பூங்கா வரை 2 கிலோமீட்டர் மெயின் ரோடு, உள்ளே வண்டி வராத பாதையில் நான்கு சுற்று, திரும்ப அதே ரோடு. மொத்தம் 10 கிலோமீட்டர். பாட்டோ பாட்காஸ்டோ காதில் இல்லாமல் என்னால் ஓட முடிவதில்லை. என் மூச்சுச் சத்தம் கேட்டாலே களைத்துப்போய் நின்றுவிடுகிறேன். போன வாரம் ரோட்டில் பின்னாலிருந்து ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் முழங்கையை உரசிக்கொண்டு போனது. வந்ததே தெரியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் இயர்போனே கூடாது என்கிறார்கள். ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டால் போதாதா? எலும்பு வழியாகக் கேட்கும் வகை வாங்கலாமா? பத்து வாரத்தில் ஓடப்போகும் அரை மாரத்தானில் ஹெட்போனுக்கு அனுமதி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். என்ன செய்யட்டும்?

பதில்:

முழங்கையோடு போனதே, அதுவரை சரி. ஆனால் அந்த ஸ்கூட்டர் விஷயத்தில் முழுப் பழியையும் இயர்போன் மேல் போட்டுவிடாதீர்கள். காதில் ஒன்றும் இல்லாமல் ஓடியிருந்தாலும் அது கேட்டிருக்குமா என்பது சந்தேகம்தான். மின்சார வண்டிகள் சத்தமே இல்லாமல் வருகின்றன என்பதால்தான் மெதுவாகப் போகும்போது ஒரு செயற்கை ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐ.நா. ஒழுங்குமுறை 138 வந்தது. அது கார், வேன், பஸ், லாரி மாதிரியான வண்டிகளுக்குத்தான்; அதுவும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரைதான். அதற்கு மேல் டயர் தரையில் உருளும் சத்தமே போதும் என்று விட்டுவிட்டார்கள். இருசக்கர வண்டிகள் அந்தக் கணக்கில் இல்லை. சைக்கிளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்திய சொல் 'பின்னாலிருந்து'. அப்படியானால் வண்டிகள் போகும் திசையிலேயே நீங்களும் ஓடுகிறீர்கள். இயர்போனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதை மாற்றுங்கள். நடைபாதை இல்லாத ரோட்டில், வண்டிகள் எதிரே வரும் ஓரத்தில்தான் ஓட வேண்டும். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் ஏன் என்று தெரியும். உங்கள் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். எதிரே 50-ல் ஒரு வண்டி வந்தால் இருவருக்கும் இடையிலான தூரம் விநாடிக்கு 17 மீட்டர் வீதம் குறையும். நேரான ரோட்டில் 150 மீட்டருக்கு முன்பே அது கண்ணில் பட்டுவிடும். கையில் 9 விநாடி இருக்கிறது, வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரிகிறது. பின்னால் வரும் வண்டிக்குக் கண் உதவாது, காது மட்டும்தான்.

எதிர்ப்பக்கம் ஓடுவதிலும் ஒரு பொறி உண்டு. கிளைத் தெருவிலிருந்து ரோட்டுக்குள் திரும்பும் ஓட்டுநர், வண்டிகள் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்களோ அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறீர்கள். அவர் தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கும்வரை அந்தத் தெருமுனையைக் கடக்காதீர்கள். அவர் கண்ணும் உங்கள் கண்ணும் சந்திக்கவில்லையென்றால் நின்றுவிடுங்கள், இல்லையென்றால் வண்டிக்குப் பின்னால் சுற்றிப் போங்கள். அப்புறம், எதிரே பார்வை மறைக்கும் வளைவு வந்தால் அங்கே மட்டும் ஓரம் மாறிக்கொள்ளலாம்.

இனி காதுக்கு வருவோம். பின்னால் 50-ல் வரும் வண்டி உங்களை விநாடிக்கு 11 மீட்டர் வீதம் நெருங்குகிறது. வெறும் காதுக்கு அது 50 மீட்டரில் கேட்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலரை விநாடி கிடைக்கும். திரும்பிப் பார்த்து ஓரம் ஒதுங்கத் தாராளமான நேரம். இப்போது காதில் பாட்டு ஓடுகிறது. அதை மீறிக் கேட்க, வண்டிச் சத்தம் 10 டெசிபல் கூடுதலாக இருந்தாக வேண்டும். திறந்தவெளியில் தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல்தான் கூடும். எனவே 10 டெசிபல் கூட வேண்டுமானால் வண்டி ஏறத்தாழ 16 மீட்டருக்கு வந்துவிட வேண்டும். உங்களுக்கு மிஞ்சுவது ஒன்றரை விநாடிக்கும் குறைவு. சத்தம் கேட்டு, அது என்னவென்று புரிந்து, கால் நகர்வதற்கே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகிவிடும். 10 டெசிபல் என்பது பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. வால்யூம் பொத்தானைச் சில முறை தட்டினால் வந்துவிடும். இதில் இன்னொரு தொல்லை, ஓடும்போது காதைச் சுற்றி அடிக்கும் காற்று. அந்தச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்று தெரியாமலேயே பாட்டைக் கூட்டிவிடுவோம்.

ஒரு காதில் மட்டும் போடுவது பற்றிக் கேட்டீர்கள். பலரும் செய்கிற சமரசம் இது, நானும் வருடக்கணக்கில் செய்தேன். அதில் பாதிப் பாதுகாப்புதான் இருக்கிறது. ஒரு சத்தம் இடமா வலமா என்று மூளை கண்டுபிடிப்பது இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான். வலப்பக்கச் சத்தம் வலது காதை முதலில் எட்டும், இடது காதுக்குக் கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் மங்கலாக வரும். அந்த இடைவெளி அதிகபட்சமே ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை வைத்துத்தான் மூளை திசை சொல்கிறது. ஒரு காதை அடைத்துவிட்டால் சத்தமெல்லாம் திறந்த காதின் பக்கத்திலிருந்தே வருவது போலத் தோன்றும். இப்படித்தான் ஒருமுறை இடது காதைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் சைக்கிள் மணி கேட்டது. இடப்பக்கம் வருகிறான் என்று வலப்பக்கம் ஒதுங்கினேன். நேராகப் போய் அவன் முன்சக்கரத்தில் மோதினேன். அவன் என்னைத் திட்டியதில் ஒரு தப்பும் இல்லை. வண்டி வருகிறது என்று தெரிந்து, எங்கிருந்து என்று தெரியாமல் ஒதுங்குவது, ஒதுங்காமல் நேராக ஓடுவதைவிடச் சில நேரம் மோசம்.

எலும்பு வழி வகையில் இந்தக் குறை இல்லை. காதுத் துவாரம் திறந்தே இருக்கும், கன்ன எலும்பு வழியாக அதிர்வு உள்காதுக்குப் போகும். திசை தெரியும், காது மடலின் வேலையும் கெடாது. சத்தம் முன்னாலா பின்னாலா என்று பிரிக்க அந்த மடலின் மடிப்புகள் தேவை; துவாரத்தை அடைக்கும் சின்ன இயர்போன் அதைத்தான் முதலில் கெடுக்கிறது. எனவே வாங்குவதென்றால் அதையே வாங்குங்கள். நாய்ஸ் கேன்சலிங் இருக்கும் இயர்போனை ரோட்டுக்குக் கொண்டுபோகவே கூடாது. அது திறமையாக அழிப்பது அடர்ந்த, கனத்த, தொடர்ச்சியான இரைச்சலை. எஞ்சின் உறுமலும் டயர் சத்தமும் அந்த வகைதான். வெளிச்சத்தத்தை மைக் வழியாக உள்ளே விடும் வசதி சிலவற்றில் உண்டு. நிற்கும்போது அருமையாக இருக்கும். ஓடத் தொடங்கினால் மைக்கில் காற்று அடித்து அதுவே இரைச்சலாகிவிடும்.

ஆனால் எலும்பு வழி என்பதால் மட்டும் நிம்மதி வேண்டாம். அது எழுப்பும் ஒலியும் கடைசியில் போய்ச் சேருவது அதே உள்காதுக்குத்தான். சத்தத்தைக் கூட்டினால் வெளிச்சத்தத்தை அதுவும் மூடும். இன்னொன்று, காது திறந்திருப்பதும் கவனம் திறந்திருப்பதும் ஒன்றல்ல. பாட்காஸ்ட் விஷயத்தில் நான் பார்த்தது இது. என்னிடம் பயிற்சி எடுப்பவர்களை வைத்து மைதானத்தில் ஒரு சோதனை செய்வேன். ஓடுபவர் தன் சாதாரண வேகத்தில் ஓடுவார். இன்னொருவர் சைக்கிளில், சொல்லாமல் கொள்ளாமல், பின்னாலிருந்து வந்து இரண்டு மீட்டர் தள்ளிக் கடந்துபோவார். சக்கரச் சத்தம் கேட்டதுமே ஓடுபவர் கையைத் தூக்க வேண்டும். அப்போது சைக்கிள் எங்கே இருந்தது என்று நான் ஓரத்தில் நின்று குறித்துக்கொள்வேன். வெறும் காது, ஒரு காது, எலும்பு வழியில் பாட்டு, எலும்பு வழியில் பாட்காஸ்ட் என்று மாற்றி மாற்றிப் போவோம். ஒருமுறை ஒரு பெண், எலும்பு வழி இயர்போனில் குறைந்த சத்தத்தில் ஒரு குற்றக் கதை கேட்டுக்கொண்டு ஓடினார். சக்கரம் அவர் தோளைத் தாண்டும்போதுதான் கை உயர்ந்தது. "கேட்டுச்சு சார், ஆனா அது கதையில வர்ற சத்தம்னு நினைச்சேன்" என்றார்.

பாட்டும் பாட்காஸ்டும் இரண்டு விதமாகக் கெடுக்கின்றன என்பது என் கணிப்பு. பாட்டு வெளிச்சத்தத்தை மூடுகிறது, ஆனால் மனம் அதில் ஒட்டாமல் சும்மா இருக்கலாம். பேச்சு இடைவெளி விட்டு விட்டு வருவதால் வெளிச்சத்தம் காதுக்குள் நுழைகிறது, ஆனால் மனம் வாசலில் இல்லை. தெரிந்த பாட்டு, குறைந்த சத்தம், திறந்த காது என்பது ஓரளவு பரவாயில்லை. முதன்முதலாகக் கேட்கும் சுவாரசியமான பேச்சு ரோட்டில் கூடவே கூடாது. போனை எடுத்துப் பாட்டு மாற்றுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று விநாடி திரையைப் பார்த்தால் உங்கள் வேகத்தில் 8 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடியதற்குச் சமம்.

அமெரிக்காவில் 2004 முதல் 2011 வரை ஹெட்போன் போட்ட பாதசாரிகள் அடிபட்ட செய்திகளைத் திரட்டி ஓர் ஆய்வு செய்தார்கள். 116 சம்பவங்கள். பத்திரிகைச் செய்திகளிலிருந்து எடுத்தவை என்பதால் இயர்போனால் ஆபத்து எத்தனை மடங்கு கூடுகிறது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் இரண்டு விஷயம் மனதில் நிற்கும். பாதிக்கு மேற்பட்டவை ரயில் மோதியவை. ஏறத்தாழ 29 சதவீதச் சம்பவங்களில் ஹாரனோ எச்சரிக்கை ஒலியோ எழுப்பப்பட்டிருக்கிறது. உங்கள் வழியில் ரயில் கடவை இருந்தால் அதற்கு முன்பே எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், எலும்பு வழியாக இருந்தாலும் சரி.

உங்கள் இரண்டாவது பிரச்சினைதான் எனக்கு இன்னும் சுவாரசியமானது: மூச்சுச் சத்தம் கேட்டால் களைப்பு வருவது. இது பலவீனம் இல்லை. லிண்டா ஷூக்கர் என்ற ஜெர்மன் ஆய்வாளரும் அவர் குழுவும் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் ஒரே வேகத்தில் ஓடவிட்டு, கவனத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். ஒருமுறை மூச்சில், ஒருமுறை கால் அசைவில், ஒருமுறை எதிரே திரையில் ஓடும் காட்சியில். வேகம் ஒன்றுதான், ஆனால் சுற்றுப்புறத்தைப் பார்த்து ஓடியபோது ஆக்சிஜன் செலவு குறைவாகவும், மூச்சைக் கவனித்தபோது அதிகமாகவும் இருந்தது. தானாக நடக்கும் வேலையில் நாம் மூக்கை நுழைத்தால் அது கெட்டுப்போகிறது, அவ்வளவுதான். 2009-ல் வந்த ஆய்வு இது. நீங்கள் மௌனமாக ஓடும்போது மனதுக்கு வேறு வேலை கொடுக்காததால் அது மூச்சில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பாட்டு அந்த இடத்தைத்தான் உங்களுக்கு நிரப்பிக்கொடுத்திருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. 1977-ல் மார்கன், பொல்லாக் என்ற இருவர் உயர்மட்ட மாரத்தான் வீரர்களிடம் ஓடும்போது என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சாதாரண ஓட்டக்காரர்கள் மனதை வேறெங்காவது அனுப்பிவிடுவதையும், உயர்மட்டத்தினர் உடம்பு சொல்லும் செய்திகளைக் கவனித்து வேகத்தைச் சரிசெய்துகொள்வதையும் கண்டார்கள். ஷூக்கர் சொல்வதற்கு இது முரண் மாதிரி தெரியும். முரண் இல்லை. 'தோள் இறுகியிருக்கிறதா, வேகம் கூடிவிட்டதா' என்று எப்போதாவது ஒருமுறை எட்டிப் பார்ப்பது வேறு, ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டே இருப்பது வேறு.

எனவே ரோட்டில் இதைச் செய்யுங்கள். பின்னால் ஒரு சத்தம் கேட்டதும், அது கடந்துபோகும் முன் என்ன வண்டி, எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்று மனதுக்குள் சொல்லுங்கள். 'பைக், வலது, தூரம்.' 'லாரி, காலி லாரி, சங்கிலி ஆடுது.' கடந்ததும் சரியா தப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி இல்லாத நேரத்தில் நாய், பறவை, கேட் திறக்கும் சத்தம் என்று எதையாவது பிடியுங்கள். முதல் இரண்டு நாள் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். மூன்றாவது நாள் 2 கிலோமீட்டர் முடிந்தது தெரியாது. கவனம் வெளியே இருப்பதால் மூச்சு நினைவுக்கு வராது, அதே கவனம்தான் உங்கள் காவலும். ஒரு கிலோமீட்டருக்கு ஒருமுறை மட்டும் உள்ளே எட்டிப் பாருங்கள்: தாடை, தோள், கைவிரல். பத்து விநாடி போதும், மறுபடி வெளியே வந்துவிடுங்கள்.

இதில் ஒரு அளவுகோலும் கிடைக்கிறது. ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், எத்தனை வண்டிகள் சொல்லாமல் கடந்தன என்று குறித்து வையுங்கள். பின்னால் வருவது தெரியாமல், பக்கவாட்டுப் பார்வையில் பட்ட பிறகே தெரிந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். வெறும் காதோடு ஓடிய நாளில் ஒன்றிரண்டு இருக்கும், பெரும்பாலும் சைக்கிளும் மின்சார வண்டியும். பாட்டோடு ஓடிய நாளில் எண்ணிக்கை கூடினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று பொருள். 'என் காலடிச் சத்தம் எனக்குக் கேட்கிறதே, எனவே சத்தம் சரியாகத்தான் இருக்கிறது' என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். காது அடைபட்டால் உடம்பு வழியாக வரும் காலடி அதிர்வு முன்னைவிடப் பெரிதாகவே கேட்கும்.

உங்கள் 10 கிலோமீட்டருக்கு இதைப் பொருத்தினால், போகும் 2 கிலோமீட்டரும் திரும்பும் 2 கிலோமீட்டரும் வெறும் காது. பூங்காவுக்குள் 6 கிலோமீட்டர் உங்கள் விருப்பம். பாட்காஸ்டும் கேட்கலாம், யார் தடுத்தார்கள்? நடப்பவர்களும் குழந்தைகளும் இருக்கும் பாதையென்றால் எலும்பு வழி வகை போதும். இயர்போனைப் பூங்கா வாசலில் நின்று போடுங்கள், வாசலில் நின்று கழற்றுங்கள். ஓடிக்கொண்டே போட்டால் ரோட்டிலேயே போட்டுவிடுவீர்கள். திரும்பும் வழியில்தான் கூடுதல் கவனம் தேவை. களைப்பும் இருக்கும், விடிந்து வண்டிகளும் கூடியிருக்கும்.

அரை மாரத்தானுக்கு முதல் நான்கு வாரம் இதே ஏற்பாடு போதும். ஐந்தாவது வாரத்திலிருந்து வாரத்தின் நீண்ட ஓட்டத்தை முழுவதும் வெறும் காதோடு ஓடுங்கள். வேகப் பயிற்சி நாளிலும் பாட்டை விட்டுவிடலாம், அதில் நீங்கள் இழப்பது நினைப்பதைவிடக் குறைவு. மிதமான வேகத்தில் இசை களைப்பைக் குறைத்துக் காட்டும். மூச்சு வாங்கும் வேகத்துக்குப் போனால் உடம்பின் குரல் பாட்டை மீறிவிடும், களைப்பு குறையாது, மனநிலை கொஞ்சம் நன்றாக இருக்கும், அவ்வளவே. மாறாக, மெதுவாக ஓட வேண்டிய நாளில் துள்ளல் பாட்டு வேகத்தை இழுத்துக்கொண்டு போகும். உங்கள் மெதுவான நாட்கள் உண்மையிலேயே மெதுவாக இருக்கின்றனவா என்று வெறும் காதோடு ஓடும்போதுதான் தெரியும். முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி.

போட்டியன்று ரோடு மூடியிருக்கும், வண்டி எண்ணும் விளையாட்டு அங்கே நடக்காது. அதற்குப் பதிலாக முன்னால் ஓடும் ஒருவரின் சட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவரை எட்டியதும் அடுத்தவர். 16-வது கிலோமீட்டருக்குப் பிறகு மூச்சுச் சத்தம் எப்படியும் கேட்கத்தான் செய்யும். அதற்குள் ஆறு நீண்ட ஓட்டங்களில் அதைக் கேட்டுப் பழகியிருப்பீர்கள். அந்த எலும்பு வழி இயர்போனை வாங்கும் யோசனையை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். முதலில் நான்கு வாரம் சொல்லாமல் கடந்த வண்டிகளை எண்ணிவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்புறம் பார்க்கலாம்.